எல்லா அனுமதியும் அணைத்து வைத்த ரோல், மாடரேட்டருக்கு எப்படி அதிகாரம் கொடுத்தது?

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 9, இரவு 10.20

மா விவசாயிகளுக்காக டிஸ்கார்டில் ஒரு சர்வர் நடத்துகிறேன். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைப் பக்கத்தில் தோப்பு வைத்திருப்பவர்கள் 340 பேர் இருக்கிறார்கள். கூழ் ஆலை வாசலில் பெங்களூரா என்ன விலைக்குப் போகிறது என்பதை அன்றன்று பகிர்ந்துகொள்ளத்தான் ஆரம்பித்தோம். மாடரேட்டர்கள் மூன்று பேர்.

நேற்று முன்தினம் தோப்பில் அறுவடை. கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் மாடரேட்டர்கள் இரண்டு பேரைக் காணவில்லை. புதிதாக இரண்டு பேர் மாடரேட்டர் ரோலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாவது மாடரேட்டர்தான் இதைச் செய்திருக்கிறார். விலைச் சேனலில் அவர் போட்ட ஒரு விலையை மற்ற இருவரும் தவறு என்று அழித்ததில் தகராறு.

தகராறு எங்கள் ஊர் விஷயம். அதை இங்கே பேச வரவில்லை. என் கேள்வி வேறு. மூன்று பேருக்கும் இருந்தது ஒரே மாடரேட்டர் ரோல். ஒரே ரோல் வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நீக்க முடியாது என்பதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அந்த ரோலைக் கொடுத்தேன். அவருக்கு நான் புதிதாக எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. பின் எப்படி முடிந்தது?

ரோல் வரிசையை அப்படியே தருகிறேன்:

```
கண்காட்சிக் குழு   (அனுமதி எதுவும் இல்லை)
மாடரேட்டர்        (Manage Roles, Kick Members, Manage Messages)
போட்             (Manage Roles)
விவசாயி
@everyone
```

கண்காட்சிக் குழு என்பது வெறும் மரியாதைப் பட்டை. போன வருடம் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் எங்களுக்காக நின்று வேலை செய்தவர்களுக்குப் பெயர் காவி நிறத்தில் தெரியட்டும் என்று போட்டது. அதன் சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருக்கின்றன, இப்போதும் பார்த்துவிட்டேன்.

அரூர்க்காரன் | ஜூன் 9, இரவு 10.48

டிஸ்கார்டில் மேலே இருக்கும் ரோல் கீழே இருப்பதை மீறும். இதுதான் அடிப்படை. உங்கள் பட்டை மேலே இருக்கிறது, அதில் எல்லாம் அணைந்திருக்கிறது. ஆகவே பட்டை அணிந்த மாடரேட்டருக்கு அதிகாரம் குறைந்திருக்க வேண்டுமே தவிர கூடியிருக்க முடியாது. நீங்கள் எங்கோ ஒரு சுவிட்சைத் தவறவிட்டிருக்கிறீர்கள். @everyone ரோலைத் திறந்து பாருங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 9, இரவு 11.05

பார்த்துவிட்டேன். @everyone ரோலில் படிப்பதும் எழுதுவதும் தவிர ஒன்றுமில்லை.

காரிமங்கலம் | ஜூன் 10, காலை 6.15

ஐயா, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். ஓர் அட்மின் இன்னோர் அட்மினை நீக்கிவிட்டார். அட்மின் ஆக்கிவிட்டால் எல்லோரும் சமம், குழுவைத் தொடங்கியவரைத் தவிர யாரும் யாரையும் நீக்கலாம். நம்பிக்கையான ஆளை மட்டும் போடுங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 10, காலை 6.40

வாட்ஸ்அப்பில் அப்படித்தான். இங்கே படிநிலை உண்டு என்பதற்காகவே இந்தப் பக்கம் வந்தோம். மூன்று பேரும் பத்து வருடமாகத் தெரிந்தவர்கள், ஆள் தேர்வில் நான் அவசரப்படவில்லை.

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 10, காலை 7.30

ஐயா, பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். பதில் எழுதுவதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். அந்த மூன்று பேரில் கண்காட்சிக் குழு பட்டை யார் யாருக்கு இருக்கிறது? "இரண்டு பேரைக் காணவில்லை" என்கிறீர்கள். இருவருமே சர்வரை விட்டு வெளியேற்றப்பட்டார்களா, அல்லது ஒருவர் உள்ளே இருந்துகொண்டு மாடரேட்டர் ரோலை மட்டும் இழந்திருக்கிறாரா?

Server Settings உள்ளே Audit Log என்று ஒரு பதிவேடு இருக்கும். யார், எப்போது, யாருக்கு, என்ன செய்தார் என்பதெல்லாம் அதில் வரிசையாக வரும். 45 நாள் வரை இருக்கும். நீங்கள் உட்பட யாராலும் அதை அழிக்க முடியாது. அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

என் ஊகத்தையும் எழுதிவைக்கிறேன். செய்தவருக்குப் பட்டை உண்டு. வெளியேற்றப்பட்டவருக்குப் பட்டை இல்லை. ரோல் மட்டும் பறிபோய் உள்ளேயே இருப்பவர் ஒருவர் உண்டென்றால் அவருக்கும் பட்டை உண்டு.

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 10, பகல் 1.10

முதலில் நான் எழுதியதில் ஒரு தவறு. இரண்டு பேரும் வெளியேற்றப்படவில்லை. பதிவேட்டில் இருப்பது இது:

பகல் 11.42, ஒரு மாடரேட்டர் வெளியேற்றம். 11.44, இன்னொருவரிடமிருந்து மாடரேட்டர் ரோல் நீக்கம். 11.45க்கும் 11.47க்கும் இரண்டு விவசாயிகளுக்கு மாடரேட்டர் ரோல். எல்லாம் அந்த மூன்றாமவர் பெயரில்.

உள்ளே இருப்பவர் நேற்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் அவரும் போய்விட்டார் என்று நினைத்தேன். பட்டை நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. செய்தவருக்கு உண்டு, உள்ளே இருப்பவருக்கு உண்டு, வெளியேற்றப்பட்டவர் கண்காட்சிக்கு வரவில்லை, அவருக்கு இல்லை. எங்கள் சர்வரைப் பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்?

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 10, மாலை 5.50

ரோல் என்பது இரண்டு வேறு பொருட்களை ஒரே பையில் போட்டுத் தருகிறது. ஒன்று அனுமதி, இன்னொன்று இடம். இரண்டும் இரண்டு விதமாகக் கணக்கிடப்படுகின்றன. குழப்பம் முழுவதும் அங்கேதான் பிறக்கிறது.

அனுமதிகள் கூட்டப்படும். ஒருவரிடம் உள்ள ரோல்களில் ஏதாவது ஒன்றில் Kick Members எரிந்தாலே அவருக்கு அந்த அனுமதி உண்டு. மற்ற ரோல்களில் அது அணைந்திருப்பது அதைக் குறைக்காது. சர்வர் அளவில் அணைந்த சுவிட்சு என்றால் "இந்த ரோல் இதைத் தரவில்லை" என்றுதான் பொருள். "கூடாது" என்று பொருள் அல்ல. அரூர் நண்பர் சொன்னதில் பிசகியது இந்த இடம்.

இடம் கூட்டப்படுவதில்லை. ஒருவரிடம் உள்ள ரோல்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அவருடைய இடம். அந்த ரோலில் அனுமதி இருக்கிறதா, வெறும் நிறமா என்று டிஸ்கார்ட் பார்ப்பதில்லை. யார் யாரை வெளியேற்றலாம் என்பதற்கு இரண்டு பேருடைய இடங்களையும் ஒப்பிடும். தமக்குக் கீழே இருப்பவரை மட்டுமே தொட முடியும், சமமாக இருந்தாலும் முடியாது.

இப்போது உங்கள் ஆளைப் பாருங்கள். Kick Members அவருக்கு மாடரேட்டர் ரோலிலிருந்து வந்தது. இடம் பட்டையிலிருந்து வந்தது. பட்டை இல்லாத மாடரேட்டர் அவருக்கு ஒரு படி கீழே இறங்கிவிட்டார், வெளியேற்ற முடிந்தது. பட்டை உள்ள மாடரேட்டர் அவருக்குச் சமம், வெளியேற்ற முடியவில்லை. ஆனால் ரோலைக் கொடுப்பதற்கும் பறிப்பதற்கும் எதிரில் இருக்கும் ஆளின் இடம் கணக்கில் வராது. அந்த ரோலின் இடம் மட்டுமே கணக்கு. மாடரேட்டர் என்ற ரோல் பட்டைக்குக் கீழே இருப்பதால், Manage Roles வைத்துக்கொண்டு அதை யாரிடமிருந்தும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம். புதிய இரண்டு மாடரேட்டர்கள் வந்த வழியும் அதுதான். பட்டை இல்லாத காலத்தில் அவருடைய உச்ச ரோலே மாடரேட்டர்தான். தன் உச்ச ரோலையே அவர் இன்னொருவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

பட்டைக்குப் பதில் "நல்ல பாட்டுக்காரர்" என்று ஒரு ரோல் மேலே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 10, இரவு 9.30

மூன்று முறை படித்தேன். மாடரேட்டர்களை நியமித்தபோது சமம் சமத்தைத் தொட முடியாது என்று சோதித்தது சரிதான். ஆனால் அது பட்டை வருவதற்கு முன்பு. கண்காட்சி முடிந்த அன்று இரவு, நிறம் தெரியவில்லையே என்று பட்டையை இழுத்து மேலே வைத்தேன். அந்த ஒரு இழுப்பில் சமமாக இருந்த மூன்று பேர் மேல், மேல், கீழ் என்று ஆகிவிட்டார்கள். ஒரு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. தகராறு வந்த அன்று ஒருவர் பெயரைத் தொட்டுப் பார்த்தபோது Kick என்று வந்திருக்கிறது.

இது என்னை மிகவும் வருத்துகிறது. வெளியேற்றப்பட்டவர் எனக்கு மூத்தவர். அவரை நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

அரூர்க்காரன் | ஜூன் 10, இரவு 10.15

கூட்டல் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் நடத்தும் கபடிக் குழு சர்வரில் "கூடாது" என்று சிவப்பில் குறித்து வைத்திருக்கிறேன், அது வேலை செய்கிறது. எனவே மேலே இருப்பது மீறுகிறது என்பது முழுத் தவறு ஆகாது.

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 11, காலை 7.40

சிவப்புக் குறி சேனலுக்குள் மட்டும்தான் உண்டு. சர்வர் அளவில் அது கிடையாது. சேனலுக்குள்ளும் ரோலின் உயரத்தை டிஸ்கார்ட் பார்ப்பதில்லை. அங்கே @everyone மீது சிவப்பு இருந்து, வேறெந்த ரோலிலும் பச்சை இல்லாமல் இருக்கும். அதனால் வேலை செய்கிறது.

பென்னாகரம் படிப்பு வட்டம் | ஜூன் 11, காலை 11.25

அண்ணா, இதைப் படித்ததும் எங்கள் சிக்கல் நினைவுக்கு வந்தது. தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் 60 பேர் சேர்ந்து சர்வர் நடத்துகிறோம். வினா-விடைச் சேனலில் பாட்டு இணைப்புகளாகப் போடுகிறவருக்குப் "பேசத் தடை" என்று ஒரு ரோல் செய்தோம். சேனலில் அதற்கு Send Messages சிவப்பு. ஆனாலும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மேலே இருப்பது மீறும் என்று யாரோ சொன்னதால் அந்த ரோலை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய் வைத்தோம். அப்போதும் எழுதினார். அது மட்டுமல்ல, அவர் மன்னிப்புக் கேட்ட பிறகு அந்த ரோலை எடுக்கப் போனால் எங்கள் மாடரேட்டர்களால் எடுக்கவே முடியவில்லை.

எங்கள் ஆசிரியர் போட்ட பதிவு ஒன்றையும் மாடரேட்டர் ஒருவர் அழித்துவிட்டார். ஆசிரியர்தான் சர்வரின் உரிமையாளர். அதுவும் இந்த வரிசைச் சிக்கலா?

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 11, மாலை 6.10

தங்கை, முதலில் எழுத முடிந்தது ஏன் என்று பார்ப்போம். அந்தச் சேனலில் உங்கள் தேர்வர் ரோலுக்கு யாரோ பச்சை கொடுத்திருப்பார்கள். கணக்கு இப்படி வருகிறது:

```
@everyone    ✗
தேர்வர்       ✓
பேசத் தடை    ✗
முடிவு        ✓
```

சேனலுக்குள் முதலில் @everyone பார்க்கப்படும். பிறகு அவரிடம் உள்ள எல்லா ரோல்களின் சிவப்பும் ஒன்றாகச் சேர்த்துப் போடப்படும். அதன் மேல் எல்லா ரோல்களின் பச்சையும் ஒன்றாகப் போடப்படும். பச்சை கடைசியில் வருவதால் பச்சை வெல்லும். சிவப்பு வைத்த ரோலை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ரோலை விட்டுவிட்டு அந்த ஒரு ஆளின் பெயரிலேயே சிவப்பு வைத்தால் அது எல்லாவற்றுக்கும் பின்னால் வரும், நிற்கும்.

நீங்கள் உயரத்தில் தூக்கி வைத்ததால் கிடைத்தது வேறு. தடை பெற்றவருடைய இடம் மாடரேட்டர்களுக்கு மேலே போய்விட்டது. அவரை அவர்கள் வெளியேற்றவும் முடியாது, அந்த ரோலை எடுக்கவும் முடியாது. தண்டனைக்காகக் கொடுத்த ரோல் அவருக்குக் கவசமாகிவிட்டது. போச்சம்பள்ளி ஐயாவின் காவிப் பட்டையும் உங்கள் தடை ரோலும் செய்தது ஒரே வேலை.

அந்த ரோலையே நீக்கிவிடுங்கள். மாடரேட்டருக்கு Timeout Members அனுமதி கொடுத்தால் போதும். 60 விநாடியிலிருந்து ஒரு வாரம் வரை ஒருவரைப் பேசாமல் நிறுத்தலாம், நேரம் முடிந்தால் தானாக விலகிவிடும். சேனலில் எத்தனை பச்சை இருந்தாலும் அதை மீறாது.

ஆசிரியர் பதிவு அழிந்தது வரிசைச் சிக்கல் அல்ல. Manage Messages உள்ளவர் அந்தச் சேனலில் யாருடைய பதிவையும் அழிக்கலாம், உரிமையாளருடையது உட்பட. அங்கே இடம் ஒப்பிடப்படுவதே இல்லை.

பென்னாகரம் படிப்பு வட்டம் | ஜூன் 11, இரவு 8.00

தேர்வர் ரோலுக்குப் பச்சை இருந்தது அண்ணா. நான்தான் வைத்தேன். ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன், தம் பதிவைத் திட்டமிட்டு வரிசையை மாற்றி அழித்ததாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அரூர்க்காரன் | ஜூன் 11, இரவு 9.20

என் கபடிச் சேனலைத் திறந்து பார்த்தேன். ஓசூர் நண்பர் சொன்னபடி @everyone மீதுதான் சிவப்பு. இரண்டு வருடமாக வேறு காரணத்தைச் சொல்லி மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் மாடரேட்டர்களுக்கு Administrator கொடுத்துவிட்டால் இந்த மேல் கீழ் எல்லாம் போய்விடாதா? எல்லோரும் சமம் ஆகிவிடுவார்களே.

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 12, காலை 7.35

வேண்டாம். Administrator உள்ளவருக்குச் சேனல் சிவப்புகள் எதுவும் செல்லாது, அவரை Timeout செய்யவும் முடியாது. ஆனால் இடக் கணக்கு அவருக்கும் உண்டு. பட்டை மேலேயே இருந்தால் பட்டை உள்ள Administrator பட்டை இல்லாத Administratorஐ வெளியேற்றுவார். நோய் அப்படியே இருக்கும், கையில் இருக்கும் கத்தி மட்டும் பெரிதாகும்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 12, இரவு 9.50

இன்று செய்ததை எழுதுகிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

பட்டையைக் கீழே இறக்கி, மாடரேட்டருக்கும் போட்டுக்கும் கீழே வைத்தேன். உடனே மாடரேட்டர்களின் பெயரிலிருந்து காவி போய்விட்டது, ஏனென்றால் மாடரேட்டர் ரோலுக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தேன். பெயரின் நிறம் மேலே உள்ள ரோலிலிருந்து வரும். ஆனால் நிறமே இல்லாத ரோலை டிஸ்கார்ட் தாண்டிக் கீழே போய்விடும். மாடரேட்டர் ரோலின் நிறத்தை எடுத்துவிட்டேன், காவி திரும்பி வந்துவிட்டது. அன்று இரவு பட்டையை மேலே இழுத்தே இருக்க வேண்டியதில்லை.

பிறகு என் மகனுடைய கணக்கை வைத்துச் சோதித்தேன். View Server As Role என்பதை முதலில் முயன்றேன். எந்தெந்தச் சேனல் தெரியும் என்பதைத்தான் அது காட்டுகிறது, யார் யாரை வெளியேற்றலாம் என்பது அதில் தெரியவில்லை. அதனால் மகன் கணக்குக்கு மாடரேட்டர் ரோல் கொடுத்து, அவன் கைபேசியிலிருந்து பட்டை இல்லாத இன்னொரு மாடரேட்டரின் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். Kick இல்லை. பட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். அப்போதும் இல்லை. பட்டையை மறுபடி மேலே இழுத்தேன். Kick வந்துவிட்டது. கீழே இறக்கினேன், போய்விட்டது. கண்ணால் பார்த்த பிறகுதான் மனம் அமைதியானது. சோதனை முடிந்ததும் மகனிடமிருந்து இரண்டு ரோலையும் எடுத்துவிட்டேன்.

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 13, காலை 7.45

சோதித்த முறை சரி ஐயா. வரிசையும் சரி. இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மாடரேட்டர்களிடம் Manage Roles எதற்கு?

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 13, பகல் 2.20

புதிதாக வருகிறவர்களுக்கு விவசாயி ரோல் கொடுக்க. வருகிறவர் உண்மையிலேயே தோப்பு வைத்திருக்கிறாரா என்று எந்த ஊர், எத்தனை மரம் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறோம். இல்லாவிட்டால் இடைத்தரகர்கள் நிறைந்துவிடுவார்கள். இந்தப் பருவத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் வருகிறார்கள்.

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 13, மாலை 6.30

அந்த அனுமதிக்கு "விவசாயி ரோல் மட்டும்" என்று எல்லை போட முடியாது. தமக்குக் கீழே உள்ள எல்லா ரோலுக்கும் அது செல்லும். கொடுக்கலாம், பறிக்கலாம், ரோலின் சுவிட்சுகளையே மாற்றலாம். தம்மிடம் இல்லாத அனுமதியை எந்த ரோலுக்கும் கொடுக்க முடியாது என்பது மட்டும்தான் தடை. நாளைக்கு நீங்கள் புதிய ரோல் ஒன்றைச் செய்து நினைவில்லாமல் மேலே வைத்தால் பழைய கதை திரும்பும்.

மாடரேட்டரிடமிருந்து அதை எடுத்துவிட்டு, போட் மூலமாக விவசாயி ரோலைக் கொடுக்கச் செய்யலாம். உங்கள் போட் அந்த ரோலுக்கு மேலேதான் இருக்கிறது, வேலை செய்யும்.

பென்னாகரம் படிப்பு வட்டம் | ஜூன் 13, இரவு 9.00

அண்ணா, அப்போது போட்டுக்கு யார் கட்டளை இடலாம் என்பது இன்னொரு பட்டியல் ஆகிவிடாதா? எங்கள் போட்டில் அந்த அமைப்பு டிஸ்கார்டுக்கு வெளியே, ஒரு வலைப்பக்கத்தில் இருக்கிறது. அதை அமைத்த சீனியர் இப்போது சென்னையில் இருக்கிறார். அவர் கையில் இருப்பது எங்கள் ரோல் வரிசையில் எங்குமே தெரியவில்லை.

ஓசூர் இரவுப்பணி | ஜூன் 14, காலை 7.50

நல்ல கேள்வி தங்கை. போட் கொடுக்கும் ரோல், பதிவேட்டில் போட்டின் பெயரில்தான் விழும். கட்டளை இட்டவர் யார் என்பதைப் போட் தானாகக் குறித்தால்தான் உண்டு. விவசாயி ரோலுக்கு மேலே, மாடரேட்டருக்குக் கீழே அதை வைத்தால் சேதம் அந்த அளவோடு நிற்கும். அதற்கு மேல் என்னிடம் முழுப் பதில் இல்லை.

போச்சம்பள்ளி மாந்தோப்பு | ஜூன் 15, காலை 5.40

நேற்று மூத்தவர் வீட்டுக்குப் போய்வந்தேன். பதிவேட்டைக் காட்டி, அந்த அதிகாரம் என் கையால் போன வருடமே கொடுக்கப்பட்டுவிட்டது என்று விளக்கினேன். திரும்பி வந்துவிட்டார். செய்தவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் தாம் போட்ட விலை சரிதான் என்று இன்னும் நிற்கிறார். அவர் மாடரேட்டராகத் தொடரலாமா என்று மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன், இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.

Manage Roles இப்போதைக்கு என்னிடம் மட்டும். போட்டைப் பற்றி அறுவடை முடிந்த பிறகு யோசிப்போம். இன்று காலை திறந்தபோது ஏழு பேர் விவசாயி ரோலுக்காகக் காத்திருந்தார்கள். மத்தூர்க்காரர் ஒருவர் மட்டும் எத்தனை மரம் என்று சொல்லவில்லை, அவரிடம் கேட்டிருக்கிறேன். மற்ற ஆறு பேருக்கும் கொடுத்துவிட்டேன். கைபேசியை இன்று தோப்புக்கு எடுத்துப் போகிறேன்.